சோப்பு கேட்டவர்களும் சோப்பு வாங்கியவர்களும்

எங்கள் சோப்பைக் கடைகளில் யாராவது பேர் சொல்லிக் கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்வது என் உத்தியோகம். யாரும் கேட்கவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டதால், கேட்பதற்கு நானே ஆள் வைத்தேன். டீயும் வடையும் கூலி. பிறகு எத்தனை பேர் கேட்டார்கள் என்று கடைகடையாகப் போய் விசாரித்தேன். நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். அதைக் கேட்டு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. முட்டாள்தனத்தில் இரண்டு வகை உண்டு என்றால், அடுத்தவனை ஏமாற்றப் போய்த் தானே முதலில் ஏமாறுவது உயர்ந்த வகை. நான் எப்போதும் முதல் தரம்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகிற வழியில், நிலக்கடலைக் காட்டுக்கு நடுவே, ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில் என் அத்தை துணி சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆரம்பித்தது மாமாதான். ஆனால் அவருக்கு ரேக்ளா மாடுகள் மேல் இருந்த கவனம் சோப்பின் மேல் இல்லை. ஒரு பந்தயத்துக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் அத்தை சோப்பு காய்ச்சுகிற கொப்பரைப் பக்கம் போய் நின்றுவிட்டார். அதன்பின் அவர் கொப்பரையை விடவில்லை. மாமாவும் மாட்டை விடவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை என்று ஒன்று வந்து நான் பார்த்ததில்லை.

தேங்காயெண்ணெய் விலை ஏறிய வருஷம், அத்தை அதில் பாதியைக் குறைத்து வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் சேர்த்தார். சோப்புக்கு அன்றிலிருந்து ஒரு வாசம் வந்தது. வாசம் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. சட்டத்தில் ஊற்றி, ஆறவிட்டு, கம்பியால் அறுத்துக் கட்டிகளாக அடுக்கி வைத்திருக்கும்போது, பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலை இறக்கிக்கொள்வார்கள். அழுக்கு நன்றாகப் போகும். அழுக்குக்குமே அந்த வாசம் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். சுற்று வட்டாரத்தில் மாட்டுக்கும் தோட்டத்துக்கும் வேப்பெண்ணெய் புழங்கிய கைகள் ஆதலால், எங்கள் ஊர்ப்பக்கம் சோப்பு தடையில்லாமல் விற்றது.

அத்தைக்கு மலைமேல் ஒரு கண். தேயிலைத் தோட்டங்களில் சனம் ஏராளம், வருஷத்தில் பாதி நாள் மழை, மழையென்றால் சேறு, சேறென்றால் துணி, துணியென்றால் சோப்பு. இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. உடுமலைப்பேட்டை வழியாக மறையூர் ஏறி மூணாறு, அங்கிருந்து சூரியநெல்லி என்று லாரி போக வழியும் இருந்தது. மலைப்பக்கம் விற்பதற்கென்றே ஒருவரை வேலைக்கு எடுத்தார். அவர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். தாத்தா காலத்தில் தெற்கிலிருந்து மலையேறிய குடும்பம். சோப்பை நம்பித் தோட்ட வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். எழுதிக்கொடுத்தவருக்கு லயத்து வீடும் இல்லை, திரும்ப வேலையும் இல்லை. மூணாறில் ஒரு அறை பிடித்து மனைவி மக்களோடு இருந்தார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முதலாளியம்மாவின் அண்ணன் மகன் என்பதால் ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொள்வார்.

நான் எப்படி வந்தேன் என்றால், வேறு எங்கேயும் போக முடியாததால் வந்தேன். பி.ஏ.வில் ஒரு பேப்பர் பாக்கி. கோயமுத்தூரில் மாலை நேர வகுப்பு ஒன்றில் மார்க்கெட்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே வாத்தியார் முதல் நாளே சொன்னார்: கையில் இருக்கிற சரக்கை எப்படியாவது தள்ளிவிடுவது விற்பனை, ஆளுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அந்தச் சரக்கைக் கையில் வைத்திருப்பது மார்க்கெட்டிங். எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாம் பாதியை மட்டும் எப்படியோ மறந்துவிட்டேன். வகுப்பு முடிந்ததும் ‘மார்க்கெட்டிங் மேனேஜர்’ என்று கார்டு அடித்துக்கொண்டு அத்தை முன்னால் போய் நின்றேன். கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “பின்னால ஒன்னும் இல்லியே கண்ணு” என்றார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

விற்பனை அண்ணனின் வேலையை அளப்பது சுலபம். மாதத்தில் எத்தனை பெட்டி மலையேறியது என்பதுதான் அளவு. பெட்டிக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். ஒன்றாம் தேதி அவர் புதிதாகப் பிறப்பார், மாசக்கடைசியில் பரபரப்பாகிவிடுவார். என் வேலையை எப்படி அளப்பது என்று அத்தை கேட்டபோது, பெட்டியெல்லாம் என் கணக்கில் வராது, சனங்கள் மனதில் பேர் பதிகிறதா என்பதுதான் என் கணக்கு என்றேன். மனசுக்குள்ளே பதிந்தது வெளியே எப்படித் தெரியும் என்று கேட்டார். கடையில் போய்ப் பேர் சொல்லிக் கேட்பார்கள் என்றேன். எத்தனை நாளில் கேட்பார்கள் என்றார். விளம்பரம் விதை மாதிரி, முளைக்க நாளாகும் என்றேன். விவசாயக் குடும்பத்தில் இந்த உவமையைச் சொல்லியிருக்கக் கூடாது. “எந்த விதை? கடலைன்னா எனக்குத் தெரியும். உன்றது எத்தனை நாளு?” என்று கேட்டுவிட்டு அத்தை பதிலுக்காகக் காத்திருந்தார். நான் அடுத்த மழைக்குள் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

முதலில் வட்டவடைக்குப் போனேன். மூணாறிலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய், அங்கே கிடைத்த சுவரிலெல்லாம் சோப்பின் பேரை எழுதவைத்தேன். ‘மணம் வீசும் வெண்மை’ என்று கீழே ஒரு வரி. மணம் வீசுவது உண்மைதான். கேரட்டும் முட்டைக்கோசும் பூண்டும் விளைகிற ஊர். மண்ணில் புரண்டு வேலை செய்கிற தமிழ்ச் சனம். சுவரில் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு கடையிலும் நிஜமாகவே கேட்டார்கள். கடைக்காரர்கள் எங்கள் அண்ணனிடம் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் போகவில்லை.

ஏன் என்று நான் கேட்டதற்கு அவர் பொறுமையாகச் சொன்னார். அங்கே இருப்பதே இரண்டு கடை. இரண்டும் சேர்ந்து எடுக்கிற சோப்பு ஜீப் வாடகைக்குக் காணாது. அந்த ஒரு பகலில் அவர் சூரியநெல்லிப் பக்கம் போனால் பத்துக் கடை பார்ப்பார். “உங்களுக்குச் சுவரு கணக்கு, எனக்குப் பொட்டி கணக்கு. பொட்டி எங்க ஏறுதோ அங்கதான தம்பி நான் போகணும்?”

தவறு என்று சொல்ல முடியாது. அவருக்கு அளவு அப்படி. வட்டவடைச் சனங்கள் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, கடையில் இருந்த வேறு சோப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். சோப்பு என்று ஒன்று போட்டுத் துவைக்க வேண்டும் என்கிற எண்ணத்தை நான் உண்டாக்கினேன். அதில் வேறு கம்பெனிக்காரன் விற்றான். இந்தப் பக்கம் சூரியநெல்லியில் கடை நிறையப் பெட்டி இருந்தது, பேரை ஒருவருக்கும் தெரியாது. ஆக, எங்கள் சோப்பைத் தெரிந்த இடத்தில் அது கிடைக்காது, கிடைக்கிற இடத்தில் அதைத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தோம்.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. சூரியநெல்லியில் சுவர் கிடைக்கவில்லை. லயத்துச் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம், எழுத விடமாட்டார்கள். அப்போதுதான் ரோடு வேலைக்கு வந்திருந்த மதுரைப் பக்கத்து ஆட்களைப் பார்த்தேன். தார் வராததால் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு வடை. போகிற வருகிற வழியில் கடையில் ஏறி எங்கள் சோப்பைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாங்க வேண்டியதில்லை. வாங்குவதற்கு வடை கட்டுப்படியாகாது.

அவர்கள் நாணயமான ஆட்கள். வாங்கிய வடைக்கு வஞ்சகம் இல்லாமல் கேட்டார்கள். அலமாரிக்கு வராத மூலைப் பெட்டியைத் தூசி தட்டி முன்னால் கொண்டுவந்து வைத்தார் ஒரு கடைக்காரர். சோப்பு இல்லாத கடைக்காரர்கள், ஊரே கேட்கிறதே என்று அண்ணனிடம் பெட்டி கேட்டார்கள். அண்ணனுக்கு இது புது அனுபவம். வழக்கமாகக் கெஞ்சித் தள்ளுகிற இடத்தில் கேட்டு வாங்கினால் அவர் என்ன செய்வார்? ஒன்று கேட்டவருக்கு மூன்று இறக்கினார். நானும் கடைகளில் விசாரித்துவிட்டு வந்து, கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்று சொன்னேன். அத்தை கொப்பரையில் இன்னொரு ஈடு ஏற்றினார். அந்த இரண்டு மாதம் போல ஒரு இணக்கம் எங்களுக்குள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அண்ணனின் பெட்டி ஏறியது, என் விசாரிப்பு ஏறியது, ஏறாதது ஒன்றே ஒன்றுதான். அதை அளப்பதற்கு யாரையும் சம்பளம் கொடுத்து வைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மலையிலிருந்து லாரி வந்தது. வழக்கமாகக் காலியாகத்தான் இறங்கி வரும், இல்லையென்றால் வழியில் யாராவது கோசு மூட்டை போட்டுவிடுவார்கள். அன்றைக்குச் சோப்பு வந்தது. எங்கள் சோப்பு. மழை ஈரத்தில் வேர்த்து, அட்டைப் பெட்டி ஊறி, கட்டியோடு கட்டி ஒட்டி இருந்தது. அத்தை ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்றைப் பிரித்தார். மூன்றாவதைப் பிரிக்கவில்லை.

மறுநாள் அண்ணனை வரவழைத்து, எங்கள் இரண்டு பேரையும் சோப்பு ஆறுகிற கொட்டகையில் நிற்கவைத்துப் பேசினார். எத்தனை பெட்டி ஏற்றினீர்கள் என்று அவரைக் கேட்டார். போன வருஷத்தைவிட அதிகம் என்றார் அவர். எத்தனை பேர் கேட்டார்கள் என்று என்னைக் கேட்டார். அதுவும் அதிகம் என்றேன்.

“அப்பறம் ஒருத்தரும் ஏன் துவைக்கலீங்கறேன்?”

நாங்கள் இரண்டு பேரும் சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தைக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். அன்றைக்குக் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. ஒருத்தர் ஏறினதை எண்ணுகிறீர்கள், ஒருத்தர் கேட்டதை எண்ணுகிறீர்கள், தீர்ந்ததை எண்ண ஆள் இல்லை. போய் ஒரே கடையில் இரண்டு பேரும் உட்காருங்கள். சுவரில் எழுத வேண்டாம், பெட்டி இறக்க வேண்டாம், யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். வாங்குகிறவர்கள் யார், எதற்கு, வாங்கினவர்கள் திரும்ப வருகிறார்களா, இதை மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கடைசியில் அண்ணனைப் பார்த்து, “திரும்ப வாங்கறாங்கன்னா மலை வழி நடக்கும். இல்லீன்னா இந்த மழையோட நிறுத்திப்போடறனுங்க. என்னைத் தப்பா நெனைக்கப்படாது” என்றார்.

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். மலை வழி நின்றால் எனக்கு அப்பாவின் கடலைக்காடு இருந்தது. அவருக்கு மூணாற்றில் இருந்தது வாடகை அறை.

சூரியநெல்லிப் பாதையில் ஒரு அண்ணாச்சி கடை. லயங்களுக்குப் போகிற வழியில், டீக்கடைக்கு அடுத்தது. மற்றவர்கள் திருப்பி அனுப்பியிருந்தாலும் இவர் இன்னும் பெட்டிகளை வைத்திருந்தார். உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எங்கள் பெட்டிகளை ஒழுங்காக அடுக்கி, மேலே பாய் விரித்துப் படுக்கையாக்கியிருந்தார். பூச்சி பொட்டு அண்டுவதில்லை, நல்ல தூக்கம் வருகிறது என்றார். எங்கள் சரக்கைப் பற்றி ஒருவர் மனமாரப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடை வாசலில் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்தோம். மழை நூல் மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. அரைமணி நேரத்துக்குள், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோடு வேலை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்துச் சோப்பின் பேரைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு என்றார் அண்ணாச்சி. “சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

“சார், கேட்டாச்சு. நேத்தும் ரெண்டு கடையில கேட்டோம், நீங்கதான் ஆளக் காணோம். வட பாக்கி நிக்குது.”

வடை வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அண்ணன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆக, ஊரே கேட்டது அந்த ரெண்டு பேருதானா தம்பி?”

ரெண்டு பேர் இல்லை, ஏழெட்டுப் பேர் என்றேன். துல்லியம் முக்கியம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இத்தனை நாள் அந்தக் கேள்விகளை நம்பித்தான் அவர் ஒன்றுக்கு மூன்றாக இறக்கியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

“பெட்டி இறக்குன நம்ம ஆளு மட்டும் லேசுப்பட்டவரா வே? விக்காட்டித் திருப்பி எடுத்துக்கிடுதேன், சும்மா இறக்கி வையும்னு சொன்னதே அவருதான. இல்லாட்டி யாரு இம்புட்டு வாங்குவா?”

இப்போது நான் மழையைப் பார்த்தேன். அண்ணனும் மழையைப் பார்த்தார். திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி இறக்கினால் அது விற்பனை இல்லை, அண்ணாச்சி கடையை நாங்கள் வாடகையில்லாத குடோனாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் அத்தையின் அளவில் அது ஏறிய பெட்டி. என் அளவில் வடை தின்றவன் கேட்ட ஆள். மாசக்கடைசியில் அவர் ஜெயித்தார், நானும் ஜெயித்தேன். படுத்துத் தூங்கியவர் அண்ணாச்சி.

“என்ன செய்ய? அம்மா பொட்டியத்தான எண்ணுறாக. பொட்டி ஏறாத மாசம் வீட்டுல உலை ஏறாது” என்றார் அண்ணன். அதில் சமாதானமும் இல்லை, சண்டையும் இல்லை. இரண்டு டீ சொன்னேன்.

அடுத்த நாளும் உட்கார்ந்தோம். துணி சோப்பு கேட்டு வந்தவர்கள் எல்லாம் நீலக் கட்டி ஒன்றைத்தான் கேட்டார்கள். எங்களுடையதை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். ஈரத்தில் துணி காய இரண்டு நாள் ஆகும் ஊர் அது. அந்த இரண்டு நாளும் வேப்பெண்ணெய் வாசத்தை ஒற்றை அறை லயத்தில் கொடி கட்டி வைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. எங்கள் பக்கம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற வாசம். இதை நாங்கள் முதல் பெட்டிக்கு முன்பே வந்து பார்த்திருக்கலாம். அப்படிப் பார்ப்பதற்குத்தான் என் கார்டில் பேர் போட்டிருந்தது.

மலை வழி முடிந்தது என்று நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். டீயை ஆறவிட்டுக் குடித்தார்.

மூன்றாம் நாள் விடிகாலை, வேலைக்குப் போகும் வழியில் ஒரு பெண் வந்தார். பேர் சொல்லவில்லை. “அண்ணாச்சி, அந்த நாத்தச் சோப்புல ஒரு துண்டு குடும்” என்றார். அண்ணாச்சி ஒரு கட்டியை எடுத்து, கத்தியால் வெல்லம் மாதிரி ஒரு ஓரத்தை அறுத்துக்கொடுத்தார். அந்தம்மா வாசலில் கூரை இறவாணத்திலிருந்து சொட்டிய தண்ணீரில் அதை நனைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பட்டையாகத் தேய்த்தார். மிச்சத் துண்டை மடியில் சொருகினார். கழுவவில்லை. அப்படியே போய்விட்டார்.

நுரை எப்படி வருகிறது என்று சோதித்துப் பார்க்கிறார் போல, நல்ல வாடிக்கையாளர் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். என் கணுக்காலில் ஓர் அட்டை கடித்து ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை.

மழைக்காலத்தில் தேயிலைக்குள் கொழுந்து கிள்ளப் போகிறவர்களுக்கு அட்டைதான் உபத்திரவம். புகையிலைத் தண்ணீர், சுண்ணாம்பு, உப்பு என்று ஆளுக்கொன்று தேய்த்துக்கொள்வார்கள். மழையில் எல்லாம் கரைந்து ஓடிவிடும். எங்கள் சோப்பு கொஞ்ச நேரம் பிடித்து நிற்கிறது, அந்த நாற்றத்துக்கு அட்டை கிட்டே வர யோசிக்கிறது. லயத்தில் பிறந்த அண்ணனுக்கு அட்டையைத் தெரியும், சோப்பையும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்திருந்தார்கள், நான் வடை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கவனித்துப் பார்த்தால் நான்கைந்து பெண்கள் வந்தார்கள், எல்லோரும் துண்டுதான் வாங்கினார்கள். அண்ணாச்சிக்குமே இதைப் பெரிதாகச் சொல்லத் தோன்றவில்லை. துண்டு விற்பதை அவர் விற்பனையாகவே கணக்கு வைக்கவில்லை. முழுக்கட்டி விற்றால்தான் விற்றது. அங்கேயும் ஒரு அளவு. வாரக்கடைசியில் முதலில் பார்த்த அதே அம்மா மறுபடியும் வந்து ஒரு துண்டு கேட்டார். கூடத் தங்கச்சியையும் கூட்டிவந்திருந்தார். அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். திரும்ப வாங்குகிறவரைக் கண்ணால் பார்த்து வரச் சொல்லித்தானே அத்தை அனுப்பியிருந்தார். ஒரு பெட்டிக்குக்கூட அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்து சொன்னோம். அத்தை கடைசி வரை கேட்டார். வடையைச் சொன்னபோது என்னை ஒரு தடவை பார்த்தார். திருப்பி எடுத்துக்கொள்கிற பேச்சைச் சொன்னபோது அண்ணனை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து போய் அறுக்கிற கம்பிச் சட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி, கம்பிகளை நெருக்கிக் கட்டவைத்தார். திரும்பி வந்த கட்டிகளையெல்லாம் கை அடங்குகிற துண்டுகளாக அறுத்தார்கள். மடியில் சொருகுகிற அளவு.

அதற்குள் நான் புதுச் சுவருக்கு வாசகம் எழுதிவிட்டேன்: ‘அட்டைக்குக் கைகண்ட மருந்து.’ மருந்து என்று எழுதினால் மருந்து ஆபீஸ்காரன் வந்து உட்காருவான், எழுதாதே என்றார் அத்தை. எழுதவே வேண்டாம், வேலைக்குப் போகிற நேரத்தில் கடை வாசலில் ஒரு தண்ணீர்ச் சட்டியும் ஒரு துண்டுச் சோப்பும் இருக்கட்டும், தேய்த்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அதைக் கவனிப்பது உன் வேலை. இனிமேல் யார் கேட்டார்கள் என்று எனக்குச் சொல்லாதே, யார் இரண்டாம் தடவை வந்தார்கள் என்று சொல். அண்ணனுக்கும் அளவு மாறியது. முதலில் இறக்கிய பெட்டிக்குப் பாதிக் கமிஷன். அது தீர்ந்து கடைக்காரர் அடுத்த பெட்டி கேட்கும்போது மீதி. திருப்பி எடுக்கிற பேச்சே கிடையாது. அண்ணன் இதைக் கேட்டு முகம் சுருங்கினார், வெளியே வந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், மறுபடி உள்ளே போய்ச் சரிங்கம்மா என்றார்.

அந்த மழை முழுக்க எங்களுக்குள் பேச்சு வேறு மாதிரி ஆனது. முன்பெல்லாம் ஒருவர் கணக்கு ஒருவருக்குத் தேவைப்பட்டதில்லை. இப்போது எந்த லயத்துப் பெண்கள் திரும்ப வந்தார்கள் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்துக் கடைக்குத்தான் அவர் பெட்டி கொண்டுபோனார். சும்மா இறக்கினால் பாதிக் கமிஷன் அந்தரத்தில் நிற்குமே. கடையில் சரக்கு தீரப்போகிறது என்று அவர் சொன்னால் நான் சட்டியை அடுத்த கடைக்கு நகர்த்தினேன், இருப்பு இல்லாத வாசலில் ஆசைகாட்டி வட்டவடையில் பட்டது போதும். அவர் பெட்டிகள் முன்பு ஏறியதைவிடக் குறைவாகத்தான் ஏறின. ஆனால் ஒன்றும் இறங்கி வரவில்லை. அண்ணாச்சி மட்டும் படுக்கை போய்விட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஐப்பசி மழையும் ஓய்ந்து குளிர் இறங்கியது. சட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. அட்டை மண்ணுக்குள் போய்விட்டது. அண்ணன் கொட்டகைக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மலை வழி நிற்குமா நடக்குமா என்று கேட்க வந்தவர், கேட்காமல் நின்றார். அத்தையே சொன்னார். மழைக்கு மலை, வெயிலுக்கு நம்ம ஊர்ப்பக்கம். குளிரும் கோடையும் முடியும்வரை சித்தூரிலிருந்து வேலந்தாவளம் வரை உள்ள கடைகளை அவர் பார்க்கட்டும், முதல் மழை விழுந்ததும் மலையேறட்டும். மூணாற்று அறையை விட வேண்டாம். அண்ணன் கட்டின கையை அவிழ்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த சோப்புக் கட்டி ஒன்றை நேராக அடுக்கினார். பிறகு இன்னொன்றையும் அடுக்கினார்.

அவருக்கு வழி ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் சட்டைப்பையில் இருந்த கார்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, அத்தை, தேவையை உண்டாக்குவதுதான் மார்க்கெட்டிங்கின் வேலை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், மலையில் இப்போது அட்டையே இல்லை, அடுத்த மழை வரைக்கும் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

அத்தை கொப்பரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அட்டை வளத்து.”